டிப்ஸ் பணத்தைப் பிரிப்பது எப்படி: டர்பன் டிபன் கடையின் ஒரு சனிக்கிழமைக் கணக்கு

என் மைத்துனன் டர்பனில், ஓவர்போர்ட் பக்கம், அறுபது பேர் உட்காரக்கூடிய டிபன் கடை ஒன்றை நடத்துகிறான். 2025 கடைசியில் அங்கே அடுக்களைக்கும் வெளிக்கூடத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. தோசைக்கல் மாஸ்டர் ஒரு ராத்திரி கடை சாத்தும் நேரத்தில், மூத்த வெய்ட்டர் அக்கா கவுன்டரில் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே வாக்கியம்தான் காரணம்: “மூன்று மணி நேரம் கல்லுக்கு முன்னால் நின்றவன் நான், சிரித்தவர்களுக்குப் பணம்.” அக்கா ஜூலு பேசுபவர். தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் குரலிலேயே புரிந்துகொண்டுவிட்டார்.

“அத்தான், நீங்களும் வெய்ட்டராக இருந்தவர்தானே, ஒரு வழி சொல்லுங்கள்” என்று மைத்துனன் என்னைக் கூப்பிட்டான். நான் தட்டு தூக்கியது ஆறு வருடம். இப்போது மூன்று நான்கு உணவகங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதனால் ஆலோசனை சொல்வதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரியின் பில்களை முழுவதும் எடுத்துவைத்து, அதே பணத்தை மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்தேன்.

அன்று மொத்த விற்பனை 22,000 ரேண்ட். டிப்ஸ் 2,200. அதாவது சரியாகப் பத்துச் சதவீதம். தென்னாப்பிரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில் பத்து முதல் பதினைந்து வரை வைப்பது வழக்கம் என்பதால் இது குறைந்த பக்கம்தான், ஆனால் இட்லிக் கடைக்குப் பழுதில்லை. நான்கு வெய்ட்டர்கள். மூன்று பேர் ஆறு மணி நேரம் வேலை செய்தார்கள், நான்காமவன் நான்கு மணி நேரம். அடுக்களையில் இரண்டு சமையல்காரர்கள் எட்டு எட்டு மணி நேரம், பாத்திரம் கழுவும் இரண்டு பேர் ஆறு ஆறு மணி நேரம்.

வெய்ட்டர்கள் வாரியாகப் பார்த்தால்: மூத்த அக்கா 7,000 ரேண்டுக்கு விற்று 840 டிப்ஸ் வாங்கியிருந்தார். இரண்டாமவர் 6,200க்கு 620, மூன்றாமவர் 4,800க்கு 480. நான்காவது பையன் 4,000க்கு விற்று 260. அவனுக்குக் கிடைத்தது ஆறரைச் சதவீதம்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். டிப்ஸ் வருகிறது என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்க இந்த நாட்டில் முடியாது. தேசியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது மணிக்கு 20 ரேண்ட் என்று தொடங்கியது. ஆண்டுதோறும் மார்ச்சில் மாறும். 2025 மார்ச்சில் 28.79 ஆயிற்று. அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, கூலியைக் கணக்கிடும்போது டிப்ஸ், போனஸ், அன்பளிப்பு எதையும் சேர்க்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. டிப்ஸை வைத்துக் கூலியில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளப் பல அமெரிக்க மாநிலங்கள் முதலாளிக்கு விடும் சலுகை இங்கே கிடையாது. ஆகவே நாம் பிரிக்கப்போவது கூலிக்கு மேல் வரும் பணம். இதை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டமும் இல்லை. எழுதிவைத்த ஒப்பந்தமும் கடையின் பழக்கமும்தான் சட்டம்.

முதல் வழி, டர்பனில் பெரும்பாலான கடைகள் செய்வது: அவரவர் மேசையில் விழுந்தது அவரவருக்கு, அதிலிருந்து ஒரு பங்கு அடுக்களைக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. சிக்கல், அந்தப் பங்கை எதன்மேல் கணக்கிடுகிறோம் என்பதில் இருக்கிறது.

மைத்துனன் வைத்திருந்த விதி, விற்பனையில் இரண்டு சதவீதம். ஏன் விற்பனை என்று கேட்டேன். “டிப்ஸ் எவ்வளவு என்று வெய்ட்டர் பொய் சொல்லலாம், விற்பனையை மெஷின் சொல்லிவிடும்” என்றான். பதில் சரியானதுதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது பாருங்கள். அடுக்களைக்கு மொத்தம் 440 ரேண்ட் போனது. அக்கா கொடுத்தது 140, அதாவது அவர் டிப்ஸில் ஆறில் ஒரு பங்கு. நான்காவது பையன் கொடுத்தது 80, அதாவது அவன் டிப்ஸில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. குறைவாகக் கிடைத்தவன் விகிதத்தில் அதிகமாகக் கொடுத்தான்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அன்று அவன் மேசையில் 1,500 ரேண்டுக்குச் சாப்பிட்ட குடும்பம் ஒரு காசும் வைக்காமல் எழுந்து போனது. அந்த மேசைக்காக அவன் 30 ரேண்ட் கட்டினான். வாங்காத டிப்ஸுக்குப் பங்கு! அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 33ஏ பிரிவு, வேலை தருவதற்காகவோ வேலையின் பேரிலோ தொழிலாளியிடமிருந்து முதலாளி பணம் வாங்கக் கூடாது என்கிறது. அடுக்களைக்குப் போகும் பணம் அதில் அடங்குமா என்று வக்கீல்கள் ஒரு மதியம் முழுக்கப் பேசலாம். ஆனால் டிப்ஸே விழாத மேசைக்கு வெய்ட்டர் தன் பையிலிருந்து கட்டும் நிலையை உருவாக்கிவிட்டு, அதைத் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் விளக்கும் இடத்தில் நான் நிற்க விரும்பமாட்டேன்.

என் பழைய வேலையிடத்தில் இதே பிரிவை மீறும் வேறொரு வழக்கம் இருந்தது. தினம் ஆளுக்கு இருபது ரேண்ட், ‘உடைசல் காசு’ என்று. தட்டு உடைந்தாலும் உடையாவிட்டாலும் கட்ட வேண்டும். நான் ஆறு வருடத்தில் உடைத்தது இரண்டு டம்ளர். உடைந்ததற்குப் பிடித்தம் செய்யச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: எழுத்தில் சம்மதம், ஆளுக்குப் பதில் சொல்ல வாய்ப்பு, உண்மையான நஷ்டத்துக்கு மேல் போகாமை, சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டாமை. இந்த நான்கும் இல்லாமல் தினசரி வசூல் என்பது வெறும் வசூல்.

ஆகவே முதல் வழியை வைத்துக்கொள்வதாக இருந்தால், விற்பனையில் இரண்டு என்பதை டிப்ஸில் இருபது என்று மாற்ற வேண்டும். அடுக்களைக்கு அதே 440தான் போகும். ஆனால் அக்கா கொடுப்பது 168, பையன் கொடுப்பது 52. கையில் நிற்பது முறையே 672, 496, 384, 208. சும்மா எழுந்துபோன குடும்பத்துக்காக யாரும் கட்டவில்லை.

மைத்துனனின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. கார்டில் வரும் டிப்ஸ் மெஷினில் பதிவாகிவிடும். பொய்க்கு இடம் ரொக்கத்தில் மட்டும். ஒருவரின் ரொக்க டிப்ஸை அவருடைய கார்டு டிப்ஸோடு ஒப்பிட்டுப் பிடிக்கலாம் என்று நிறைய முதலாளிகள் நினைக்கிறார்கள். அது தப்பு. ரொக்கமாகக் கொடுப்பவர்கள் வேறு வகை ஆட்கள். கோவிலுக்குப் போய்விட்டு வரும் பாட்டிமார்கள் பில்லுக்குச் சரியாகச் சில்லறை எண்ணிக் கொடுப்பார்கள், ஆசீர்வாதம் மட்டும் தாராளமாக. ஒப்பிட வேண்டியது ஒரு வெய்ட்டரின் ரொக்க விகிதத்தை மற்ற வெய்ட்டர்களின் ரொக்க விகிதத்தோடு, அதுவும் ஒரு மாதத்துக்கு. எல்லாருக்கும் ஐந்து சதவீதம் வரும்போது ஒருவருக்கு மட்டும் மாதம் முழுக்க ஒன்று வந்தால், அப்போது பேசலாம்.

இரண்டாவது வழி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் புள்ளி வைத்துப் பிரிப்பது. இங்கிலாந்தில் இந்தப் பெட்டிக்கு ‘ட்ரோங்க்’ என்று பெயர். பிரெஞ்சில் அது தேவாலய உண்டியல். நம் ஆட்களுக்கு உண்டியல் என்றாலே விளங்கிவிடும், ஜூலு பேசும் பெண்களுக்கு ஸ்டோக்வெல் என்ற அவர்கள் ஊர்ச் சீட்டைச் சொன்னால் போதும். இரண்டிலும் போட்டது யார், எடுப்பது யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற பயம் ஒன்றுதான்.

கணக்கு இப்படி. வேலையின் தன்மைக்கு ஒரு புள்ளி, அதை மணி நேரத்தால் பெருக்க வேண்டும். வெய்ட்டருக்கு மணிக்கு எட்டுப் புள்ளி, சமையல்காரருக்கு இரண்டு, பாத்திரம் கழுவுபவருக்கு ஒன்று என்று வைத்தோம். வெய்ட்டர்கள் மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம், எனவே 176 புள்ளி. சமையல்காரர்கள் பதினாறு மணி, 32 புள்ளி. கழுவுபவர்கள் பன்னிரண்டு மணி, 12 புள்ளி. கூட்டினால் 220. டிப்ஸ் 2,200. ஒரு புள்ளிக்குப் பத்து ரேண்ட். (உண்மையைச் சொன்னால், புள்ளிகளை அடுக்களைக்கு முன்போல இருபது சதவீதமே போகும்படி பார்த்துத்தான் வைத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றினால் எது சண்டை மூட்டியது என்று தெரியாது.)

ஆறு மணி நேர வெய்ட்டர் ஒவ்வொருவருக்கும் 480. நான்கு மணி நேரப் பையனுக்கு 320. சமையல்காரருக்கு 160, கழுவுபவருக்கு 60. பையனுக்கு 112 ரேண்ட் கூடுகிறது. அக்காவுக்கு 192 குறைகிறது.

அக்கா தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை. புளோரிடா சாலையில் அவரைப் போன்ற ஒருவரை எடுத்துக்கொள்ள நாலு கடைகள் காத்திருக்கும்.

அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான கேள்வி தெரிந்தது. அக்காவின் பன்னிரண்டு சதவீதமும் பையனின் ஆறரையும் திறமையில் இருக்கும் வித்தியாசமா, மேசையில் இருக்கும் வித்தியாசமா? பையன் பார்த்த பகுதி வாசல் பக்கம், பார்சல் கவுன்டரை ஒட்டியது. அங்கே உட்காருபவர்களில் பாதிப்பேர் பார்சல் வாங்க வந்து, காத்திருக்கும்போது ஒரு காபி சொல்பவர்கள். அக்காவின் பகுதி உள்ளே, குடும்பங்கள் உட்காரும் இடம். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் நான்கு சனிக்கிழமை பகுதிகளைச் சுழற்றுங்கள் என்று சொன்னேன். ஒருவருக்கு ஒரு வாரம் ஒரு பகுதி. டிப்ஸ் மட்டும் பழையபடி அவரவருக்கு.

நான்கு வாரம் முடிந்து கூட்டினால், அக்காவுக்குப் பதினொரு சதவீதம், மற்ற மூவருக்கும் ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவே. வாசல் பக்கம் போன வாரம் அக்காவுக்கே ஏழுதான் வந்தது. பெரும் பங்கு மேசையினுடையது, சிறு பங்கு கையினுடையது என்று தெளிவாயிற்று. எந்தக் கடையில் டிப்ஸைப் பொதுவாக்கலாமா என்று யோசித்தாலும் இந்த நான்கு வாரத்தைச் செலவழிக்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். சுழற்றிய பிறகும் இடைவெளி பெரிதாக நின்றால் அது திறமை, அதைப் பொதுப் பெட்டியில் கரைத்தால் நல்ல வெய்ட்டர் போய்விடுவார். இடைவெளி சுருங்கினால், இதுவரை நீங்கள் மேசைக்குத்தான் சம்பளம் கொடுத்துவந்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். டிபன் கடையில் மேசை யாருடையது? சாம்பார் ஊற்றுவது ஒருவர், தோசையைச் சூட்டோடு கொண்டுவந்து வைப்பது கைக்கு அகப்பட்டவர், பில் கொடுப்பது மூன்றாமவர். கடைசியில் பில் வைத்தவர் பெயரில் டிப்ஸ் விழுகிறது. ஒரே வெய்ட்டர் தொடக்கம் முதல் கடைசி வரை கவனிக்கும் ஸ்டேக் உணவகத்துக்கு முதல் வழி பொருந்தும். எல்லாரும் எல்லா மேசைக்கும் ஓடும் இடத்தில் அது பொய்க் கணக்கு.

மூன்றாவது வழி மைத்துனனின் மனதில் இருந்தது: எல்லா பில்லிலும் கட்டாயமாகப் பத்துச் சதவீதம் சேவைக் கட்டணம். “எட்டுப் பேருக்கு மேல் வந்தால் எல்லாரும் போடுகிறார்களே, எல்லாருக்குமே போட்டால் என்ன?” அவனுக்குப் பட்ட சுகம், பணம் நிச்சயம் என்பது. அதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வாடிக்கையாளர் தானாக வைக்கும் டிப்ஸுக்கு வாட் வரி இல்லை. கட்டாயக் கட்டணம் அப்படி இல்லை. அது உணவின் விலையில் ஒரு பகுதியாகிவிடுகிறது, அதற்குள் பதினைந்து சதவீத வரி உட்கார்ந்திருக்கிறது. அதே சனிக்கிழமையில் 2,200 கட்டாயக் கட்டணம் வந்திருந்தால், அதில் 286.96 வரிக்குப் போகும். மிச்சம் 1,913.04. அதே புள்ளிகளில் பிரித்தால் ஒரு புள்ளிக்கு 8.70 சொச்சம். அக்காவுக்கு 417, மாஸ்டருக்கு 139. வாடிக்கையாளர் கொடுத்தது அதே தொகை, கைக்கு வந்தது குறைவு. கட்டணம் பில்லிலேயே இருப்பதால் மேலே ஏதும் வைப்பவர்களும் அருகிவிடுவார்கள்.

இரண்டாவது விலை, அது யாருடைய பணம் என்பது. கட்டணம் கடையின் வருமானமாகப் பதிவாகிறது. எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது ஊழியருக்குப் போயாக வேண்டும் என்று தானாகக் கட்டாயமில்லை. வாடகை ஏறும் மாதத்தில் முதலாளியின் கை அந்தத் தொகையின் மீது தடவிப் பார்க்காமல் இருக்காது. என் மைத்துனன் நல்லவன்தான், ஆனாலும் ஜனவரியில் அவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும்.

இதில் ஊழியர் பக்கம் ஒரு லாபமும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. டிப்ஸ் என்பது, விடுப்புச் சம்பளம், நோட்டீஸ் காலச் சம்பளம் ஆகியவற்றைக் கணக்கிடும் ஊதியத்தில் சேராது. 2003இல் தொழிலாளர் அமைச்சர் வெளியிட்ட அறிவிப்பு அதை வெளிப்படையாக நீக்கிவைக்கிறது. மூன்று வாரம் விடுப்பில் போகும் அக்காவுக்குக் கூலிக் கணக்கு மட்டும்தான் வரும், சனிக்கிழமைப் பணம் வராது. முதலாளி சேவைக் கட்டணத்தை வைத்து மணிக்கூலியையே உயர்த்தினால், அந்த உயர்வு விடுப்பிலும் தொடரும். பாத்திரம் கழுவுபவர்களுக்கு இதுதான் பிடித்திருந்தது. அவர்கள் சொன்னது சுருக்கமானது: மழை நாளிலும் வருமா, வராதா?

நியூயார்க்கில் டேனி மேயர் என்ற பெரிய உணவக முதலாளி 2015இல் தன் உணவகங்களில் டிப்ஸை நிறுத்தி, சம்பளத்தை விலைக்குள் சேர்த்தார். 2020இல் டிப்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார். அவ்வளவு பணமும் பெயரும் உள்ளவருக்கே கைகூடாததை, ஐம்பது ரேண்ட் மசால் தோசை விற்கும் கடை பரிசோதித்துப் பார்க்க வேண்டாம் என்றேன். மெனுவில் பத்துச் சதவீதம் ஏற்றினால், பக்கத்துக் கடையோடு ஒப்பிடும் வாடிக்கையாளருக்குத் தெரிவது விலை மட்டுமே.

கடைசியில் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம், மூன்று மாதச் சோதனையாக. அக்காவுக்கு என்ன செய்வது என்பதில் ஒரு வாரம் போயிற்று. அவருக்குப் பத்துப் புள்ளி கொடுக்கலாம் என்றான் மைத்துனன். நான் ஒப்பவில்லை. அந்த இரண்டு புள்ளி மாஸ்டரிடமிருந்தும் பையனிடமிருந்தும் வரும், முதலாளியிடமிருந்து வராது. புது வெய்ட்டர்களைப் பழக்குவது அவர் வேலை என்றால் அதற்கு முதலாளிதான் கொடுக்க வேண்டும். மணிக்கூலியில் பத்து ரேண்ட் கூட்டினான். ஆறு மணி நேரத்துக்கு அறுபது. இழந்த 192க்கு அது ஈடாகாது, அக்காவுக்கும் தெரியும். ஆனால் சுழற்சியில் அவருக்கும் வாசல் பக்கம் வரும் வாரத்தில் பெட்டி அவரைக் காப்பாற்றும் என்பதை அந்த நான்கு சனிக்கிழமையில் அவரே பார்த்திருந்தார்.

மாஸ்டருக்கு 160 வந்தது, முன்பும் விற்பனையில் இரண்டு சதவீதம் என்ற விதியில் அதே அளவு சுற்றித்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அவரிடம் மெஷின் தாளைக் காட்டியது இதுவே முதல் முறை. அவருக்கு மணிக்கு 45 ரேண்ட் கூலி. எட்டு மணி நேரத்துக்கு 360, டிப்ஸோடு 520. அப்போதைய குறைந்தபட்சக் கூலி வாங்கும் வெய்ட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு 172.74, டிப்ஸோடு 652.74. இந்த இரண்டு எண்ணையும் அருகருகே எழுதினால் மாஸ்டரின் கோபம் அர்த்தமுள்ளது என்பதும் விளங்கும், டிப்ஸ் மட்டும் அதைத் தீர்க்காது என்பதும் விளங்கும். அடுக்களைப் புள்ளியை ஏற்றுவது பற்றி மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். மூன்று புள்ளி வேண்டும் என்று மாஸ்டர் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை மூன்று. கார்டு டிப்ஸ் கடையின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதுவும் ராத்திரியே வந்துவிடாது. அதனால் சனிக்கிழமை ராத்திரி கல்லாவில் ரொக்கம் போதாமல் திண்டாடுவார்கள். வாரத்துக்கு ஒரு முறை, திங்கட்கிழமை மதியம் பிரிப்பது என்று வைத்தோம். இரண்டு, கணக்குப் புத்தகத்தில் அந்தப் பணத்தை விற்பனையோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இல்லாத வாட் வரியைக் கட்டுவீர்கள். அது ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய கடன் என்று தனிக் கணக்கில் நிற்க வேண்டும். மூன்று, மைத்துனனுக்கும் அவன் மேலாளருக்கும் ஒரு புள்ளியும் கிடையாது. மேலாளர், தானும் சனிக்கிழமை தட்டு தூக்குவதாகச் சொன்னார். தூக்குகிறார்தான். ஆனால் யாருக்கு எந்த வாரம் எந்தப் பகுதி என்று எழுதுபவர் அந்தப் பெட்டியில் கைவைக்கக் கூடாது.

மூன்றாவது திங்கட்கிழமை நான் போயிருந்தபோது, பிரிப்புத் தாள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. மொத்தம், புள்ளி, மணி நேரம், ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கையெழுத்து. மாஸ்டர் அதில் ஒரு வரியைக் காட்டி, பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு அரை மணி நேரம் குறைத்து எழுதியிருப்பதாகச் சொன்னார். சரிபார்த்தோம். குறைத்துத்தான் எழுதியிருந்தது. ஐந்து ரேண்ட். மைத்துனன் கல்லாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தான்.